ஒன்-பேஜரில் துறைச்சொல்: அடிப்பதா, மாற்றுவதா, விளக்குவதா, பின்பக்கம் தள்ளுவதா?

ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு மென்பொருள் விற்கும்போது கொடுக்கும் ஒரு பக்க அறிமுகத் தாளை, அதாவது ஒன்-பேஜரை, முடிவெடுப்பவர் பெரும்பாலும் விற்பவர் எதிரில் இல்லாத நேரத்தில்தான் படிக்கிறார். டெமோ பார்த்தவர் கணக்குப் பிரிவு மேலாளராக இருப்பார். அவர் தாளை நிதித் தலைவருக்கு அனுப்புவார், நிதித் தலைவர் எம்.டி.யிடம் நீட்டுவார். மூன்றாவது கைக்குப் போகும்போது 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்டு எம்.டி. திருப்பி மெயில் போட மாட்டார். தாளைக் கீழே வைத்துவிடுவார்.

ஆகவே துறைச்சொல்லை எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் சண்டை. மார்க்கெட்டிங் ஆள் "எளிமையாகச் சொல்லுங்கள்" என்பார். இன்ஜினியர் "அப்படிச் சொன்னால் தப்பாகிவிடும்" என்பார். இருவர் சொல்வதும் சரிதான். அதனால்தான் பக்கம் முழுவதற்கும் ஒரே வைத்தியம் பலிப்பதில்லை.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து. சொல்லைப் பேசாமல் அடித்து நீக்கிவிடலாம். சொல்லை எடுத்துவிட்டு, அதனால் படிப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதை எழுதலாம். சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே அரை வரி விளக்கம் தரலாம். தாளின் பின்பக்கத்துக்குத் தள்ளலாம். அல்லது கடைசியில் ஒரு சொற்பட்டியல் போடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒரே கேள்வி தீர்த்துவைக்கும்: இந்தச் சொல்லைக் கையில் எடுத்துச் சரிபார்க்கப்போவது யார்? ஒருவருமே இல்லையென்றால் அடித்துவிடுங்கள். தாளைப் படிப்பவரே என்றால், பலனாக மாற்றுங்கள். படிப்பவர் தன் தொழிலில் தினமும் புழங்கும் சொல் என்றால், அப்படியே விடுங்கள். அவர் தன் ஐ.டி. ஆளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார் என்றால், பின்பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல் வையுங்கள்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்

சப்ளையர் பில்களைச் சரிபார்க்கும் ஒரு மென்பொருள். அதன் ஒன்-பேஜர் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

> எங்கள் கிளவுட்-நேட்டிவ், ஏபிஐ-ஃபர்ஸ்ட் ஏபி ஆட்டோமேஷன் பிளாட்ஃபார்ம், ஓசிஆர் மற்றும் மெஷின் லேர்னிங் துணையோடு எண்ட்-டு-எண்ட் த்ரீ-வே மேட்சிங்கை ரியல் டைமில் செய்கிறது. உங்கள் ஈஆர்பியோடு சீம்லெஸ் இன்டெக்ரேஷன். எஸ்எஸ்ஓ, ஆர்பிஏசி, சாக் 2 டைப் 2. 99.9% அப்டைம் எஸ்எல்ஏ.

நான்கு வரிக்குள் 15 துறைச்சொற்கள். படிப்பவர் நிதித் தலைவர், அவருக்கு அடுத்துப் படிப்பவர் எம்.டி. என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, 15 சொற்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதைச் சரிபார்ப்பவர்' என்று ஒரு பெயரைப் போடுவது. ஆளின் பெயர் தெரியாவிட்டால் பதவியை எழுதினால் போதும். அரை மணி நேர வேலை. இதைத் தாண்டிக் குதித்து நேராகத் திருத்த உட்கார்ந்தால், காதுக்குக் கரடுமுரடாக இருக்கிற சொற்களை மட்டும் மாற்றிவிட்டு, வழவழப்பாக ஒலிக்கிற வெற்றுச் சொற்களை விட்டுவிடுவோம். 'ஆர்பிஏசி' போய்விடும், 'சீம்லெஸ்' தங்கிவிடும். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது.

அடிக்க வேண்டியவை

பிளாட்ஃபார்ம், எண்ட்-டு-எண்ட், சீம்லெஸ். இந்த மூன்றுக்கும் எதிரே எந்தப் பதவியும் வராது. இவை உண்மையா பொய்யா என்று யாராலும் சோதிக்க முடியாது. இவற்றை எளிய தமிழில் மாற்றி எழுதுவதும் வீண்தான். 'தங்குதடையற்ற இணைப்பு' என்று எழுதினால் 'சீம்லெஸ்' வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடிக்கும் சொல்லின் நிழலில் ஓர் உண்மையான தகவல் பதுங்கியிருக்கலாம். 'எண்ட்-டு-எண்ட்' என்று எழுதியவரிடம் "எந்த முனையிலிருந்து எந்த முனை வரை?" என்று கேளுங்கள். "பில் மெயிலில் வந்து சேர்வதிலிருந்து பணம் கட்ட ஒப்புதல் ஆகும் வரை. பணம் கட்டுவது உங்கள் பேங்க் வழியாகத்தான்" என்று பதில் வந்தால், அதுதான் தாளில் இருக்க வேண்டிய வரி. பணம் கட்டுவதும் இதிலேயே நடக்கும் என்று நினைத்து வாங்கிய வாடிக்கையாளர் பின்னால் கோபப்படுவதை அந்த ஒரு வரி தடுக்கும். கேட்டதற்குப் பதில் வரவில்லையென்றால் அடித்துவிடலாம். இழப்பு ஒன்றும் இல்லை.

'மெஷின் லேர்னிங்' இந்தக் கூட்டத்தில் சேருமா? எம்.டி.க்கு இந்தச் சொல் பிடிக்கும் என்று விற்பனைப் பிரிவு அடம்பிடிக்கும். அது இங்கே என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். புது பில் வந்ததும், அதே சப்ளையரின் பழைய பில்களைப் பார்த்து எந்தச் செலவுத் தலைப்பில் எழுத வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது என்றால், அந்த வேலையை எழுதுங்கள். சொல் வேண்டாம். வேலையைப் படித்தவர் அதற்குள் என்ன நுட்பம் ஓடுகிறது என்று தானே கேட்டுக்கொள்வார், ஆசை இருந்தால்.

பலனாக மாற்ற வேண்டியவை: தப்பு நடப்பதும் இங்கேதான்

கிளவுட்-நேட்டிவ், ஓசிஆர், ரியல் டைம், ஆர்பிஏசி, 99.9% அப்டைம். இவற்றின் விளைவைப் படிப்பவர் நேரடியாக உணர்வார். ஆகவே விளைவை எழுத வேண்டும். ஆனால் எளிமையாக்கும்போது வாக்குறுதி பெருத்துவிடும் அபாயம் இருக்கிறது. துறைச்சொல் மங்கலாக இருந்தவரை யாரும் அதைப் பிடித்துக் கேட்கவில்லை. தெளிவாக எழுதிய பிறகு அது ஒப்பந்தம் மாதிரி ஆகிவிடுகிறது.

'ரியல் டைம்' என்பதை 'உடனுக்குடன்' என்று மாற்றுவது எல்லோரும் செய்வது. உள்ளே பார்த்தால், வாடிக்கையாளரின் ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாம் பதிவாகும் ஈஆர்பியிலிருந்து ஆர்டர் விவரங்களை இந்த மென்பொருள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்துக்கொண்டிருக்கும். இப்போது கோடவுனில் சரக்கு இறங்கி, ஈஆர்பியில் வரவு ஏறி, அடுத்த நிமிடமே பில் வருகிறது. மென்பொருள் 'சரக்கு வரவில்லை' என்று அந்த பில்லை நிறுத்தி வைக்கும். வாங்கியவர் பார்வையில் மென்பொருள் பொய் சொல்கிறது. '15 நிமிடத்துக்கு ஒரு முறை' என்று எழுதியிருந்தால் அதே காட்சிக்கு எவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். நிதிப் பிரிவுக்கு 15 நிமிடம் ஒரு குறையே அல்ல. அதை ஏன் மறைக்க வேண்டும்?

'ஆர்பிஏசி' இன்னும் நுணுக்கமானது. யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறாரோ அதற்கேற்ப அவருக்கு அனுமதி தருவது என்பதுதான் அதன் பொருள். நிதித் தலைவருக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னால், "பில்லைப் பதிவு செய்தவரே அதற்கு ஒப்புதல் தர முடியாது" என்று எழுதத் தோன்றும். அவர் தேடுவதும் அதைத்தான். ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது. ஆனால் ஆர்பிஏசி மட்டும் இருந்தால் இந்த வாக்கியம் உண்மையாகிவிடாது. ஒரே ஆளுக்குப் 'பதிவாளர்', 'ஒப்புதல் தருபவர்' என்ற இரண்டு பொறுப்புகளையும் கொடுத்துவிட்டால், அவர் போட்ட பில்லுக்கு அவரே கையெழுத்துப் போடலாம். அதையும் தடுக்கும் தனி விதி மென்பொருளில் இருக்கிறதா என்று இன்ஜினியரிடம் கேட்க வேண்டும். இருந்தால் வாக்கியத்தை அப்படியே வைக்கலாம். இல்லையென்றால் "பதிவு செய்யும் அனுமதியையும் ஒப்புதல் அனுமதியையும் வெவ்வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்" என்று ஒரு படி இறக்கி எழுத வேண்டும். 'முடியாது' என்பதற்கும் 'பிரித்துக் கொடுக்கலாம்' என்பதற்கும் நடுவில் ஒரு முழு ஆடிட் குறிப்பு இருக்கிறது.

'கிளவுட்-நேட்டிவ்' என்றதும் "சர்வர் வாங்க வேண்டாம்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல் மென்பொருள் எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. எங்கே ஓடுகிறது என்பதைச் சொல்லவில்லை. அப்படிக் கட்டிய மென்பொருளை வாடிக்கையாளரின் சொந்த சர்வர் அறையிலும் ஓட்டலாம். ஆகவே எங்கே ஓடுகிறது என்று தனியாகக் கேட்டு, அந்தப் பதிலை எழுதுங்கள்.

'ஓசிஆர்' சுலபம்: ஸ்கேன் செய்த பில்லில் இருக்கும் எண்களை மென்பொருளே படித்துப் பதிவு செய்கிறது. ஆனால் அடுத்த வரியாக "சரியாகப் படிக்காதவற்றை மஞ்சள் நிறத்தில் காட்டும்" என்று எழுதினால் தவறு. மென்பொருள் காட்டுவது தனக்குச் சந்தேகம் வந்த எண்களை மட்டுமே. 1-ஐ 7 என்று நம்பிக்கையோடு படித்துவிட்டால் மஞ்சள் வராது. 'சந்தேகமான எண்களை' என்று எழுதினால் போதும், வரி உண்மையாகிவிடும். வேறு ஒன்றும் நீளாது.

இனி 99.9%. இந்த எண்ணைப் பார்த்ததும் 'ஏறத்தாழ நூறு' என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. நிமிடமாக்கிப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். அதில் 0.1% என்பது 43 நிமிடம். ஒரு வருடத்துக்குப் பார்த்தால் 8 மணி 45 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆகவே "எப்போதும் இயங்கும்" என்று எழுதுவது பொய். "மாதத்துக்கு அதிகபட்சம் 43 நிமிடம் நிற்கலாம்" என்பதும் பாதி உண்மைதான். எஸ்எல்ஏ என்பது மென்பொருள் நிற்கவே நிற்காது என்ற உத்தரவாதம் அல்ல. சொன்ன அளவுக்கு மேல் நின்றால் என்ன ஈடு தருவோம் என்ற ஒப்பந்தம் அது. ஈடு பெரும்பாலும் அடுத்த பில்லில் கழிவாகத்தான் வரும். பல ஒப்பந்தங்களில் முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரம் இந்தக் கணக்கில் சேராது. கணக்கு மாதத்துக்கா வருடத்துக்கா என்பதும் முக்கியம். வருடக் கணக்கு என்றால் எட்டேமுக்கால் மணி நேரமும் மாதக் கடைசி நாளிலேயே மொத்தமாகப் போனாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. மாதக் கடைசியில் கணக்கை மூடுகிற நிதித் தலைவருக்கு இதைவிட முக்கியமான தகவல் அந்தத் தாளில் வேறு எது?

வைத்துக்கொள்ள வேண்டியவை

த்ரீ-வே மேட்சிங், ஈஆர்பி. மென்பொருள் ஆட்களுக்கு 'த்ரீ-வே மேட்சிங்' துறைச்சொல்லாகப் படும். நிதித் தலைவருக்கு அது வீட்டுச் சொல். ஆர்டர், சரக்கு வரவு, பில் மூன்றையும் ஒப்பிடுவதை அவர் தினமும் அந்தப் பெயரில்தான் சொல்கிறார். அதைச் சுற்றி வளைத்து விளக்கினால் 'இவருக்கு நம் வேலை தெரியாது போல' என்று நினைப்பார். எளிமையாக்கும் வேகத்தில் வாடிக்கையாளரின் சொந்தச் சொல்லையும் பிடுங்கி எறிவது, அனுபவசாலிகளும் செய்கிற பிழை.

ஆனால் அடுத்த கையில் எம்.டி. இருக்கிறார். அவருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியாது. இங்கேதான் 'சொல்லோடு அரை வரி விளக்கம்' என்ற வழி உதவும். அதிலும் வரிசை முக்கியம்: முதலில் வேலை, பிறகு பெயர். "பில்லை ஆர்டரோடும் சரக்கு வரவோடும் ஒப்பிடுகிறது (த்ரீ-வே மேட்சிங்)" என்றால் இருவருக்கும் சரி. தெரியாதவர் விளக்கத்தோடு நின்றுகொள்வார், தெரிந்தவர் பெயரைப் பிடித்துக்கொள்வார். பெயரை முன்னால் வைத்தால் தெரியாதவர் முதல் சொல்லிலேயே இடறுவார்.

இந்த வழியை ஒரு பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் கையாளாதீர்கள். அதற்கு மேல் போனால் தாள் முழுக்க அடைப்புக்குறிகள் முளைத்து, பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். உவமை சொல்லி விளக்கும் ஆசையும் இங்கேதான் வரும். ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழியான ஏபிஐ என்பது ஹோட்டல் சர்வர் மாதிரி, கிளவுட் என்பது மின்சாரம் மாதிரி என்றெல்லாம். நேரில் பேசும்போது அது உதவலாம். தாளில் இரண்டு வரி இடத்தைத் தின்றுவிட்டு, மென்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமலே போய்விடும். எம்.டி.க்கு ஏபிஐ புரிய வேண்டிய அவசியமே இல்லை. நம் ஈஆர்பியோடு இது பேசுமா, பேசவைக்க எத்தனை நாள் ஆகும், யார் செய்வார், அதற்குத் தனிக் காசா என்பவைதான் அவருக்குத் தேவை.

பின்பக்கத்துக்குப் போக வேண்டியவை

ஏபிஐ, எஸ்எஸ்ஓ, சாக் 2 டைப் 2. நிதித் தலைவர் இவற்றை ஐ.டி. தலைவரிடம் அனுப்பி "பாருங்கள்" என்பார். அந்த ஐ.டி. தலைவருக்கு எளிமையாக்கிய வாக்கியம் பயன்படாது. "ஒரே லாகினில் எல்லாம்" என்று எழுதினால், 'அது எஸ்எஸ்ஓவா, வேறு ஏதாவதா, எந்த முறையில்' என்று கேட்டு மெயில் போடுவார். ஒரு வாரம் போய்விடும். அவருக்குச் சரியான பெயரும் பதிப்பும் வேண்டும்.

சாக் 2-ஐ எளிமையாக்குவது குறிப்பாக ஆபத்து. "சாக் 2 சான்றிதழ் பெற்றது" என்று பலர் எழுதுகிறார்கள். அது சான்றிதழ் அல்ல. அமெரிக்கக் கணக்காளர் அமைப்பான ஏஐசிபிஏ வகுத்த அளவுகோல்களின்படி தனி ஆடிட்டர் ஒருவர் பார்த்துத் தரும் அறிக்கை அது. டைப் 1 என்றால், ஒரு குறிப்பிட்ட தேதியில் பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று பார்த்தது. டைப் 2 என்றால், சில மாதங்கள் நீளும் ஒரு காலகட்டம் முழுக்க அவை நடைமுறையில் வேலை செய்தனவா என்று பார்த்தது. 'சர்வதேசத் தரத்தில் உங்கள் தரவு பாதுகாப்பானது' என்று இதைச் சுருக்கினால், டைப் 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் கரைந்துவிடும். ஐ.டி. தலைவர் முதலில் பார்ப்பதே அதைத்தான். பின்பக்கத்தில் "சாக் 2 டைப் 2 அறிக்கை" என்று எழுதி, அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் உரியது, கேட்டால் எப்படிக் கிடைக்கும் என்று சேர்த்தால் அவர் வேலை முடிந்தது. முன்பக்கத்தில் "பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தனி ஆடிட்டர் பரிசோதித்த அறிக்கை உண்டு; விவரம் பின்பக்கம்" என்ற ஒரே வரி போதும்.

பின்பக்கமா, தனித் தாளா என்று ஒரு துணைக் கேள்வி உண்டு. தாளாக அச்சிட்டுக் கொடுப்பதானால் பின்பக்கமே நல்லது. பிரிந்து தொலையாது. பி.டி.எஃப். ஆக அனுப்புவதானால் அதே கோப்பின் இரண்டாம் பக்கமாக வையுங்கள். இரண்டு தனிக் கோப்புகளாக அனுப்பினால், மூன்றாவது கைக்குப் போகும்போது ஒன்றுதான் போய்ச் சேரும். அது பெரும்பாலும் தவறான ஒன்றாகவே இருக்கும்.

சொற்பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்-பேஜருக்கு அது ஒத்துவராது. வரிக்கும் பட்டியலுக்கும் கண் ஓடி ஓடித் திரும்ப வேண்டும். போனில் படிப்பவர் ஓடவே மாட்டார். எழுதியவருக்குத்தான் கடமையை முடித்த திருப்தி.

தமிழில் எழுதும்போது கூடுதலாக ஒரு பள்ளம்

ஒன்-பேஜரைத் தமிழில் தயாரிப்பவர்கள் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் போட்டுவிட்டால் துறைச்சொல் நீங்கிவிட்டது என்று எண்ணுகிறார்கள். 'ஏபிஐ' என்ற இடத்தில் 'பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம்' என்று வைத்தால் புரியாத ஒரு சொல் புரியாத மூன்று சொற்களாகிறது. கூடவே, ஐ.டி. தலைவருக்கும் புரியாமல் போகிறது. அகராதிக்குக் கலைச்சொல் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. விற்பனைத் தாளில் 'சர்வர்', 'லாகின்', 'ஸ்கேன்' என்று அலுவலகத்தில் வாயில் புழங்குவதை எழுதிவிட்டு, புழக்கத்தில் இல்லாததை வாக்கியமாக அவிழ்ப்பதே சரி.

எளிய சொல் வேடத்தில் வரும் துறைச்சொற்களும் உண்டு. 'ஆதரிக்கிறது' அவற்றில் மோசமானது. "உங்கள் ஈஆர்பியை ஆதரிக்கிறது" என்றால், வாங்கிய அன்றே இணையும் என்றா, ஆள் வைத்து இணைக்கலாம் என்றா, தனிக் கட்டணம் கட்டினால் இணைத்துத் தருவோம் என்றா? மூன்றுக்கும் இந்த ஒரே சொல்லைத்தான் எழுதுகிறார்கள். படிப்பவருக்குச் சொல் புரிந்துவிடுவதால் சந்தேகமே வராது. அதனால்தான் இது 'ஆர்பிஏசி'யைவிட ஆபத்து.

மாற்றி எழுதிய பக்கம்

இதுவரை கேட்ட கேள்விகளுக்கு இன்ஜினியர் சாதகமாகவே பதில் சொன்னார் என்று கொண்டால், முன்பக்கம் இப்படி வரும்:

> சப்ளையர் அனுப்பும் பில்லை ஆர்டரோடும் சரக்கு வரவோடும் இந்த மென்பொருள் ஒப்பிடுகிறது (த்ரீ-வே மேட்சிங்). மூன்றும் ஒத்துப்போனால் பில் நேராக ஒப்புதலுக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால், எந்த வரியில் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டி நிறுத்தி வைக்கும். பணம் கட்டுவது வழக்கம்போல உங்கள் பேங்க் வழியாகத்தான்.
>
> ஸ்கேன் செய்த பில்லில் உள்ள எண்களை மென்பொருளே படித்துப் பதிவு செய்யும். சந்தேகமான எண்களை மஞ்சள் நிறத்தில் காட்டி, உங்கள் ஆள் பார்த்துச் சரி சொல்லும் வரை நகர்த்தாது. பில்லைப் பதிவு செய்தவரே அதற்கு ஒப்புதல் தர முடியாது.
>
> உங்கள் ஈஆர்பியில் ஏறும் ஆர்டரும் சரக்கு வரவும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை இதில் வந்து சேரும். சர்வர் வாங்க வேண்டியதில்லை. பிரவுசரில் திறந்து வேலை செய்யலாம். அறிவித்துச் செய்யும் பராமரிப்பு தவிர, ஒரு மாதத்தில் மொத்தம் 43 நிமிடத்துக்கு மேல் சேவை நின்றால், அடுத்த பில்லில் கழிவு உண்டு. பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தனி ஆடிட்டர் பரிசோதித்த அறிக்கை உண்டு; விவரம் பின்பக்கம்.

பத்தி இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. எப்போதும் இப்படித்தான் நடக்கும், துறைச்சொல் என்பதே சுருக்கெழுத்துதானே. இடம் போதவில்லை என்று எழுத்தளவைக் குறைத்தால் செய்த வேலை முழுக்க வீண். இடம் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். நிறுவன வரலாறு, 'எங்கள் நோக்கம்', வாடிக்கையாளர் லோகோ வரிசையில் பாதி, அம்சப் பட்டியலின் கடைசி ஐந்து வரிகள் என்ற வரிசையில் வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதிலேயே போதுமான இடம் கிடைத்துவிடும்.

இரண்டு சோதனைகள், இந்த வரிசையில்

முதலில் இன்ஜினியர். "சரியா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார், அது பதில் அல்ல. ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டி "இது எப்போது பொய்யாகும்?" என்று கேளுங்கள். பராமரிப்பு நேரம், இரண்டு பொறுப்பும் ஒரே ஆளுக்கு, 15 நிமிட இடைவெளி எல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

அதன் பிறகே வெளியாள். நிறுவனத்துக்குள் இருப்பவர் வேண்டாம். வரவேற்பில் இருப்பவருக்குக்கூட உள்வட்டச் சொற்கள் காதில் விழுந்து பழகியிருக்கும். வேறு நிறுவனத்தின் நிதி அல்லது நிர்வாக ஆள் ஒருவர் கிடைத்தால் நல்லது. தாளை ஒரு நிமிடம் கொடுத்து வாங்கிவிட்டு, இது என்ன செய்கிறது, உங்கள் அலுவலகத்தில் இதை யார் தொடுவார், வாங்கினால் உங்கள் பக்கம் என்ன வேலை இருக்கும் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். 'இல்லை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறகு, இதை உங்கள் எம்.டி.க்கு போனில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு, அவர் பேசுவதை எழுதிக்கொள்ளுங்கள். தாளில் இருந்து அவர் வாயில் வராத சொற்களைக் குறியுங்கள். இப்படி மூன்று பேரிடம் கேட்டு, மூவருமே ஒரே சொல்லைத் தாண்டிப் போனால் அந்தச் சொல் இன்னும் துறைச்சொல்தான். ஒருவர் தன் சொந்த வார்த்தையில் ஒன்றைச் சொல்லி, அது நீங்கள் எழுதியதைவிடத் தெளிவாக இருந்தால், கூச்சப்படாமல் அதையே தாளில் போடுங்கள்.

வரிசையை மாற்றி வெளியாளிடம் முதலில் போனால், அவருக்கு அழகாகப் புரிந்த வாக்கியத்தை இன்ஜினியர் தப்பு என்பார். திருத்திவிட்டு மறுபடி அந்த வெளியாளிடம் போக முடியாது, அவருக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே.

எப்போது இதெல்லாம் வேண்டாம்

வாங்கும் முடிவு ஐ.டி. தலைவர் கையில்தான், நிதித் தலைவர் கையெழுத்து மட்டும்தான் போடுவார் என்றால், முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாற வேண்டும். அப்போது மேலே இருக்கும் எளிய பத்தியை ஐ.டி. தலைவர் 'மார்க்கெட்டிங் தாள்' என்று ஒதுக்கிவிடுவார். முதல் கை யாருடையது என்று விற்பனைப் பிரிவால் சொல்ல முடியாத நிலையில், எளிய பக்கமே முன்னால் இருக்கட்டும். ஐ.டி. ஆள் தாளைத் திருப்பிப் பார்த்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். எம்.டி. திருப்பிப் பார்க்க மாட்டார்.

இன்னொன்று: '15 நிமிடம்', '43 நிமிடம்' போன்ற எண்கள் ஏறிய தாள் சீக்கிரம் பழசாகும். 'ரியல் டைம்' என்று எழுதிய தாளைப் பத்து வருடம் ஓட்டலாம். இதை ஓட்ட முடியாது. ஆகவே தாளின் கீழ் மூலையில் தேதியைப் போடுங்கள். அந்த எண்களை மாற்றும் இன்ஜினியரின் வேலைப் பட்டியலில் 'ஒன்-பேஜரைத் திருத்தச் சொல்' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் சேர்க்க மறுத்தால் எண்ணைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, "சில நிமிட இடைவெளியில்" என்று எழுதிவிடுங்கள்.